நூற்றுக்கு எத்தனை வட்டி? - ஐம்பது ரூபாய்க்கு ஒரு பணப் பாடம்

இல்லத்தரசிகளுக்கும் சின்ன வியாபாரிகளுக்கும் பண விழிப்புணர்வுப் பயிற்சி நடத்த வேண்டும் என்று யாராவது கிளம்பினால், முதலில் தயாராவது ஒரு ப்ரொஜெக்டர் படக்காட்சி. பணவீக்கம் என்றால் என்ன, மியூச்சுவல் ஃபண்ட் என்றால் என்ன, கூட்டு வட்டியின் மகிமை என்ன என்று முப்பது நாற்பது படங்கள் ஓடும். வந்தவர்கள் தலையாட்டுவார்கள், டீ குடிப்பார்கள், வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் காலையில் தண்டல்காரர் வந்தால் வழக்கம்போல நூறு ரூபாயை எடுத்து நீட்டுவார்கள். அந்த நூறு ரூபாய்க்கும் முந்தின நாள் பார்த்த படங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது.

இப்படிப்பட்ட பயிற்சியில் ஒரே ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுத்தால் போதும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி. அந்த ஒரு கணக்குக்குச் சின்னதாக ஒரு கட்டணமும் வாங்க வேண்டும் என்பது கட்சியின் இரண்டாவது பாதி. "ஏழைகளிடம் காசா?" என்று கோபப்படுவதற்கு முன்னால் முழுவதையும் படித்துவிடுங்கள்.

அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்த அளவுகோல்

தமிழ்நாட்டில் சந்தையிலோ தெருவிலோ யாரும் "ஆண்டுக்கு 24 சதவீதம்" என்று பேசுவதில்லை. "ரெண்டு வட்டி" என்பார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்று அர்த்தம். ஒரு வட்டி என்றால் ஆண்டுக்கு 12 சதவீதம், மூன்று வட்டி என்றால் 36. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக்கூட இதில் எது மலிவு, எது கொள்ளை என்று தெரியும். "அஞ்சு வட்டிக்கு வாங்கினான்" என்று சொன்னால் கேட்கிற பாட்டி "அய்யய்யோ" என்பார்.

ஆனால் கடன் கொடுப்பவர்கள் எப்போதும் இந்த மொழியில் பேசுவதில்லை. "நாளைக்கு நூறு ரூபாய், நூறு நாள்", "மாசம் 2,240 கட்டினால் போதும்", "முன்பணமே வேண்டாம்" என்றெல்லாம் சொல்வார்கள். கேட்பவருக்குத் தவணை தெரியும், வட்டி தெரியாது. பயிற்சியின் வேலை ஆங்கிலத்தில் புதிய சொற்களைச் சொல்லித் தருவதில்லை. எந்தத் தவணையையும் "நூற்றுக்கு மாதம் எத்தனை" என்று மாற்றிப் பார்க்கக் கற்றுத் தருவதுதான்.

தண்டல் கணக்கு

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் ஒரு அம்மா. தண்டல்காரர் எழுதிக்கொள்வது 10,000 ரூபாய். பிடித்தம் 1,500 போகக் கையில் வருவது 8,500. தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்டினால் கணக்கு முடிந்தது. "பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐநூறுதானே, பதினஞ்சு சதவீதம்" என்றுதான் எல்லோருக்கும் தோன்றும்.

இப்போது ஒரு துண்டுத் தாளில் மூன்று எண்களை எழுதச் சொல்ல வேண்டும். கையில் வந்தது 8,500. மொத்தம் கட்டியது 10,000. ஆன காலம் நூறு நாள், அதாவது மூன்றே கால் மாதத்துக்குக் கொஞ்சம் அதிகம்.

கூடுதலாகக் கட்டியது 1,500. நூறு நாளுக்கு 1,500 என்றால் முப்பது நாளுக்கு 450. இந்த 450 எவ்வளவு பணத்துக்கான வட்டி? 8,500-க்கு இல்லை. முதல் நாள் கையில் 8,500 இருந்தது உண்மை. ஆனால் தினமும் கட்டிக் கட்டிக் கடைசி நாளில் ஒன்றும் இல்லை. சராசரியாகப் பார்த்தால் அவர் கையில் இருந்த கடன் பாதிதான், அதாவது 4,250. அந்த 4,250-க்கு மாதம் 450 ரூபாய். நூற்றுக்கு எவ்வளவு? பத்தரை ரூபாய்.

பத்து வட்டி!! ஆண்டுக்கு நூற்று இருபது சதவீதம். கணினியில் துல்லியமாகப் போட்டாலும் 120-க்குச் சற்று மேலேதான் நிற்கிறது. "பாதி" முறையில் விடை எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே வரும், அதையும் வகுப்பில் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒன்பதேமுக்காலா பத்தரையா என்பது இங்கே பிரச்சினை இல்லை. ஒன்றா பத்தா என்பதுதான் தெரிய வேண்டும்.

ஃப்ரிட்ஜ் கணக்கு

அதே துண்டுத் தாள் வீட்டிலும் வேலை செய்யும். 24,000 ரூபாய்க்கு ஒரு ஃப்ரிட்ஜ். உள்ளூர் ஃபைனான்ஸ்காரர் "ஒரே ஒரு வட்டிதாம்மா" என்கிறார். ஒரு வட்டி என்றால் ஆண்டுக்கு 2,880 ரூபாய். ஆக 26,880. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 2,240.

கூடுதல் 2,880, மாதத்துக்கு 240. கையில் இருந்த கடன் சராசரியாகப் பாதி, 12,000. நூற்றுக்கு இரண்டு ரூபாய். துல்லியமாகப் போட்டால் 1.8 வரும். சொன்னது ஒரு வட்டி, வாங்குவது ஏறக்குறைய ரெண்டு வட்டி. ஃபைனான்ஸ்காரர் பொய் சொல்லவில்லை. நீங்கள் முக்கால்வாசிக் கடனை அடைத்த பிறகும் முதல் நாள் இருந்த 24,000-க்கே வட்டி போடுகிறார், அவ்வளவுதான். இதற்கு "ஃபிளாட் ரேட்" என்று பெயர். பெயர் ஞாபகம் இல்லாவிட்டால் பரவாயில்லை, பாதி என்பது ஞாபகம் இருந்தால் போதும்.

வங்கியிலோ ஃபைனான்ஸ் கம்பெனியிலோ வாங்கும் கடன் என்றால் இந்தக் கணக்கைக்கூடப் போட வேண்டாம். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் தரும் புதிய தவணைக் கடன்களுக்கு, முக்கிய விவரங்கள் அடங்கிய ஒரு தாளைக் கட்டாயம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதியிலேயே இருக்கிறது. அதில் எல்லாக் கட்டணத்தையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம், ஏ.பி.ஆர். என்ற பெயரில், ஒரு வரியில் இருக்கும். அதைப் பன்னிரண்டால் வகுத்தால் "எத்தனை வட்டி" என்று வந்துவிடும். வகுப்பில் செய்ய வேண்டியது அந்த வரி எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவது மட்டும்தான்.

இந்தக் கணக்குக்கு ஒரு எல்லையும் உண்டு. சமமான தவணையாகக் கட்டினால்தான் பாதி. நகையை அடகு வைத்து, கடைசியில் முதலை மொத்தமாகக் கட்டி மீட்பதாக இருந்தால் முழுத் தொகைக்கும்தான் வட்டி, பாதியாக்கக் கூடாது. ஏலச் சீட்டுக்கு இந்த முறை பொருந்தவே பொருந்தாது, மாதா மாதம் கழிவு மாறும். சீட்டுக்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி வட்டி பற்றியதே இல்லை, "1982-ஆம் வருடச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா?" என்பதுதான்.

கணக்குத் தெரிந்தபின் என்ன செய்வது?

இங்கேதான் பெரும்பாலான பயிற்சிகள் சறுக்குகின்றன. பத்து வட்டி என்று தெரிந்ததும் பயிற்சியாளர் உடனே உபதேசத்தில் இறங்கிவிடுவார். தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாவற்றையும் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது, போலீசில் சொல்லலாம் என்பார். சட்டம் இருப்பது உண்மை. ஆனால் அந்த அம்மாவுக்கு நாளைக் காலை நாலு மணிக்குக் கோயம்பேட்டில் கொள்முதலுக்குப் பணம் வேண்டும். சட்டம் வந்து தக்காளி வாங்கித் தராது. இன்னொரு வழியைக் காட்டாமல் இருக்கிற ஒரே வழியையும் திட்டிவிட்டுப் போனால், அவர் அடுத்த வகுப்புக்கு வரமாட்டார். வராமல் இருப்பதில் நியாயமும் உண்டு.

வழி என்ன? அவருடைய ஒரு நாளைப் பார்ப்போம். 3,000 ரூபாய்க்குக் காய் வாங்குகிறார், 3,600-க்கு விற்கிறார். ஆட்டோ கூலி 200 போனால் மிச்சம் 400. அதில் தண்டலுக்கு 100, வீட்டுக்கு 300. கவனித்தீர்களா? வியாபாரத்துக்கு அவருக்குத் தேவைப்படுவது ஒரு நாள் முதல், வெறும் 3,000 ரூபாய். ஆனால் வாங்குவது பத்தாயிரத்துத் தண்டல். ஏனென்றால் கல்லாவும் வீட்டுச் செலவும் ஒரே சுருக்குப்பையில் இருக்கின்றன. பள்ளிக்கூடப் பணம், மருந்துச் செலவு என்று முதல் கரைந்துகொண்டே போகிறது. நூறாவது நாள் கடன் முடிந்ததும் நூற்றோராவது நாள் புதிய கடன்.

இந்தச் சுற்றில் அவர் கையில் இருக்கிற ஒரே இடைவெளி, பழைய கடன் முடிந்து புதிய கடன் வாங்குவதற்கு நடுவில் இருப்பதுதான். அதைப் பத்து நாள் தள்ளிப்போடச் சொல்லலாம். தினம் நூறு ரூபாய் எடுத்து வைத்துப் பழகிய கை அது. அந்தப் பத்து நாளும் அதே நூறு ரூபாயைத் தண்டல்காரருக்குப் பதிலாக ஒரு தகர டப்பாவில் போட வேண்டும். ஒரு சுற்றுக்கு 1,000 ரூபாய். மூன்று சுற்றில், அதாவது 330 நாளில், 3,000 ரூபாய். ஒரு நாள் கொள்முதல் சொந்தக் காசாகிவிட்டது! அதற்குள் மூன்று கடனுக்கு 4,500 ரூபாய் வட்டி போயிருக்கும் என்பதும் கணக்கில் இருக்கட்டும். மழை வந்தால், உடம்புக்கு முடியாமல் போனால் பத்து நாள் ஐந்து நாளாகும். அப்போதும் டப்பாவில் விழுந்தது விழுந்ததுதான்.

இன்னொரு வழியும் உண்டு. தெரு வியாபாரிகளுக்காக 2020 ஜூனில் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டம். முதல் கடன் ஆரம்பத்தில் 10,000 ரூபாயாக இருந்தது, 2025 ஆகஸ்டில் 15,000 ஆக்கினார்கள். அடமானம் கேட்கமாட்டார்கள், தவறாமல் கட்டினால் ஆண்டுக்கு 7 சதவீதம் வட்டி மானியமும் உண்டு. ஆனால் விற்பனைச் சான்றோ உள்ளாட்சி அமைப்பின் பரிந்துரைக் கடிதமோ வேண்டும். பயிற்சியாளர் "திட்டம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனால் பிரயோஜனம் இல்லை. யாரிடம் அந்தக் கடிதம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று வகுப்பிலேயே பார்த்து, இல்லாதவர்களை மாநகராட்சி அலுவலகத்தின் எந்த மேஜைக்கு அனுப்புவது என்று முன்கூட்டியே விசாரித்து வைத்திருக்க வேண்டும்.

சிறுவாடு என்கிற ரகசியம்

இல்லத்தரசிகள் விஷயத்தில் வேறு ஒரு சிக்கல். அவர்களுடைய பணத்தில் ஒரு பகுதி ரகசியம். அரிசி டப்பாவிலும் புடவை மடிப்பிலும் இருக்கிற சிறுவாட்டுப் பணம் கணவருக்குத் தெரியாது. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது எத்தனை வீடுகளில் அந்த ரகசியம் வெளியே வந்து விழுந்தது என்பது நினைவிருக்கும். அதேபோல ரகசியக் கடனும் உண்டு, அடகில் இருக்கிற நகையும் உண்டு.

ஆகவே "உங்களுக்கு எவ்வளவு கடன் இருக்கிறது, ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்" என்று கேட்கிற பயிற்சி அன்றோடு முடிந்துவிடும். பக்கத்து வீட்டு அக்கா எதிரில் யார் சொல்வார்கள்? முதல் வகுப்பில் எல்லோரும் மேலே சொன்ன ஃப்ரிட்ஜ் கணக்கைப் போட வேண்டும், அது யாருடையதும் இல்லை. இரண்டாம் வகுப்புக்கு அவரவர் வீட்டிலிருந்து மூன்று எண்களை மட்டும் பெயர் போடாமல் ஒரு துண்டுத் தாளில் எழுதி மடித்துக் கொண்டுவரலாம். அவரவர் கணக்கை அவரவரே போட்டுக்கொள்ளலாம். வாட்ஸ்அப் குழு ஆரம்பிக்காமல் இருப்பது நல்லது, போனை வீட்டில் எல்லோரும் பார்ப்பார்கள்.

பயிற்சி உருப்படுமா இல்லையா என்பதற்கு அந்த இரண்டாம் வகுப்புதான் அடையாளம். பன்னிரண்டு பேரில் எட்டு பேர் துண்டுத் தாளோடு வந்தால் உருப்படும். எல்லோரும் வெறுங்கையோடு வந்து "நல்லா சொல்றீங்க" என்று பாராட்டினால், நம்பவில்லை என்று அர்த்தம்.

ஏன் கட்டணம்?

இலவசப் பயிற்சிகள் இல்லாமல் இல்லை. ரிசர்வ் வங்கியின் முயற்சியில் 2017-லிருந்து வட்டார அளவில் நிதிக் கல்வி மையங்கள் நடக்கின்றன. வங்கிக் கணக்கு, காப்பீடு, ஓய்வூதியம், புகார் செய்வது எப்படி என்று பொதுவான விஷயங்களை அங்கே தெரிந்துகொள்ளலாம். அதையே திரும்பச் சொல்லிக் காசு வாங்குவது நியாயமில்லை. காசு வாங்குவதென்றால் அங்கே கிடைக்காத ஒன்றைத் தர வேண்டும். சொந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு, பன்னிரண்டே பேராக உட்கார்ந்து, கணக்கு முடிகிறவரை கூட இருப்பது அப்படிப்பட்ட ஒன்று.

இன்னொரு வகை இலவசமும் இருக்கிறது. கூட்டம் இலவசம், டீ இலவசம், கடைசியில் ஒரு பாலிசி விண்ணப்பம் வரும். அங்கே பயிற்சியாளருக்குச் சம்பளம் தருவது கமிஷன். வந்தவர் எதையாவது வாங்கினால்தான் அவருக்குச் சாப்பாடு. அப்படிப்பட்டவர் "உங்களுக்கு இப்போது எதுவும் வாங்கத் தேவையில்லை, முதலில் தண்டலை முடியுங்கள்" என்று எப்படிச் சொல்வார்? கேட்பவர் காசு கொடுத்தால்தான் கேட்பவருக்காகப் பேச முடியும். ஐம்பது ரூபாய் வாங்குவதன் முழு நியாயமும் இந்த ஒரு வரிதான்.

வகுப்புக்கு ஐம்பது, மொத்தம் நான்கு வகுப்பு, அன்றன்றைக்குக் கொடுத்தால் போதும். முன்கூட்டியே இருநூறு வாங்கக் கூடாது. பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் வரமாட்டார்கள், அதுதான் பயிற்சியாளருக்குப் பரீட்சை. நேரம் மத்தியானம் இரண்டரை முதல் நாலு வரை. காய்கறி வியாபாரம் ஓய்ந்திருக்கும், பிள்ளைகள் பள்ளியிலிருந்து வர இன்னும் நேரம் இருக்கும்.

பன்னிரண்டு பேர் என்றால் வகுப்புக்கு 600 ரூபாய். இடத்துக்கு 150, டீ வடைக்கு 180, ஜெராக்ஸுக்கு 30, பஸ்ஸுக்கு 40 என்று வைத்தால் மிச்சம் 200. நான்கு வகுப்புக்கு 800 ரூபாய். இதில் யாரும் பிழைக்க முடியாது. இதை மறைத்து, "ஆர்வம் இருந்தால் போதும்" என்று ஆரம்பித்தால் இரண்டாம் மாதம் பயிற்சியாளரே பாலிசி விற்க ஆரம்பித்துவிடுவார்.

அதனால் வகுப்பை வாசலாகவும் வேறொன்றைக் கடையாகவும் வைக்க வேண்டும். வகுப்புக்கு வருபவர்களில் மளிகைக் கடை, தையல் கடை, டிபன் கடை வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு மாதம் ஒருமுறை கடைக்கே போய், ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கல்லாக் கணக்கு, கடன் நோட்டு, சரக்குப் பாக்கி மூன்றையும் சரிபார்த்துத் தருவதற்கு மாதம் 400 ரூபாய் கேட்கலாம். வராத பாக்கியில் ஒன்று வசூலானாலே அந்த 400 திரும்பிவிடும் என்பதால் கொடுப்பார்கள். பத்துக் கடை சேர்ந்தால் 4,000. பகுதி நேர வேலையாக, ஒரு மாணவரோ ஓய்வு பெற்ற கணக்கரோ செய்ய இது போதும். சந்தை வியாபாரிகள் சங்கமோ குடியிருப்போர் சங்கமோ ஒரு சுற்று வகுப்புக்கு மொத்தமாகப் பணம் கொடுத்தாலும் வாங்கலாம். கடன் கொடுப்பவரோ பாலிசி விற்பவரோ கொடுத்தால் வாங்கக் கூடாது. அந்தப் பட்டியலை நோட்டீஸிலேயே அச்சடித்துவிட்டால் பின்னால் சபலம் வராது.

ஒரு எச்சரிக்கை. "எந்த ஃபண்டில் போடலாம், எந்தப் பங்கு வாங்கலாம்?" என்று நிச்சயம் கேட்பார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு இன்னதை வாங்குங்கள் என்று ஆலோசனை சொல்வதற்கு 2013-ஆம் வருட விதிகளின்படி செபியிடம் பதிவு செய்திருக்க வேண்டும். "அது நம் பாடத்தில் இல்லைம்மா" என்று சொல்லப் பழகிக்கொள்வது நல்லது. பத்து வட்டிக் கடனை வைத்துக்கொண்டு பன்னிரண்டு சதவீத லாபத்தைத் தேடுவதில் அர்த்தமில்லை என்பதை அதே துண்டுத் தாளே சொல்லிவிடும்.

இதற்கெல்லாம் ப்ரொஜெக்டர் வேண்டாம், ஏசி ஹால் வேண்டாம். நம் வகுப்பில் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் அறுபது பேர் இருக்கிறோம். நம்முடைய அம்மாக்களில் எத்தனை பேருக்கு வீட்டு ஃப்ரிட்ஜ் எத்தனை வட்டி என்று தெரியும்? இன்றைக்குச் சாயங்காலம் கேட்டுப் பாருங்கள்.